இறக்கின கம்பி லோடு: 12 எம்எம் முழுக்க துரு, 8 எம்எம் பளபளப்பு. எதைத் திருப்பி அனுப்பணும்?

நொய்யல்கரை
வணக்கமுங்க. கரூர் பக்கம் வீடு கட்டிட்டு இருக்கோம், கீழ்த்தளமும் மேல ஒரு தளமும். பில்லர் வரைக்கும் முடிஞ்சுது. தளத்துக்கும் பீமுக்கும் நேத்து சாயங்காலம் கம்பி வந்து இறங்குச்சு. 8 எம்எம் 200, 12 எம்எம் 150, 16 எம்எம் 60. எல்லாம் 12 மீட்டர் நீளம், யூ மாதிரி மடிச்சு வந்தது. ஆர்டர் கொடுத்தது எஃப்இ 500டி தரக் கம்பி. கடையில கம்பியை எண்ணி, அட்டவணையில இருக்கற சார்ட் எடையைப் போட்டு பில் கொடுத்திருக்காங்க, எடை மேடைச் சீட்டு கிடையாது.

12 எம்எம் கட்டு எல்லாமே செம்பழுப்பா இருக்கு. கையை வெச்சு இழுத்தா மஞ்சள் பொடி ஒட்டுது. கம்பி கட்டுற அண்ணன், "இதெல்லாம் ஒண்ணுமில்ல, துரு இருந்தா சிமெண்ட் நல்லாப் பிடிக்கும்"ங்கறார். எங்க மாமனார் மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்றார். 8 எம்எம், 16 எம்எம் ரெண்டும் நீலம் பாய்ஞ்சு புதுசா இருக்கு, அதுல யாருக்கும் சந்தேகமில்ல. அடுத்த வியாழக்கிழமை கான்கிரீட் போடறதா இருக்கோம். துருவை மட்டும் பார்த்து முடிவு எடுக்கலாமா, வேற என்ன பார்க்கணும்?

சேலம்_பில்டர்
உங்க கம்பி கட்டுறவர் சொன்னது சரிதான் மேடம். மழையில ரெண்டு நாள் நின்னாலே அந்தக் கலர் வந்துடும். நான் கட்டின எந்த வீட்லயும் அதுக்காக லோடு திருப்பினது கிடையாது. எடையைப் பத்தியும் பலர் பயமுறுத்துவாங்க. கம்பி கொஞ்சம் லேசா இருந்தா வாங்கறவனுக்கு லாபம்தான், ஒரு டன்னுக்கு அதிக மீட்டர் கிடைக்கும். பிராண்ட் பேரு கம்பி மேல உருட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க, போதும்.

செந்தூர்க்காரி
துருவை லேசா விடாதீங்கக்கா. எங்க வீடு கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர்தான். ஹால் சீலிங்ல கான்கிரீட் பாளம் பாளமா உரிஞ்சு விழுது, உள்ள கம்பி விரல் வெச்சாலே உதிருது. வீடு கட்டி இருபது வருஷம்கூட ஆகல. இதுக்கு மேல பெயிண்ட் அடிச்சா நிக்குமா, இல்ல தட்டி எடுத்துட்டு புதுசா பூசணுமா?

பழைய_சைட்_ஆள்
செந்தூர்க்காரி, உங்க பிரச்சினை வேறம்மா. போட்ட கான்கிரீட்டுக்குள்ள உப்பு போய் கம்பி அரிக்கறது அது. பெயிண்ட் தாங்காது. தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் ஆள் பார்த்த பிறகுதான் பூச்சு. தனி இழை போடுங்க, அங்க பேசலாம். ஆனா நீங்க சொன்னதுல இந்தக் கேள்விக்கும் ஒரு தொடர்பு இருக்கு, கடைசியில வர்றேன்.

நொய்யல்கரை, முதல்ல ஒண்ணு. முடிவு தெரியற வரைக்கும் அந்தக் கட்டுகளை ரிங் அடிக்கவோ வெட்டவோ விடாதீங்க. மாதிரிக்கு வெட்டறது தவிர ஒரு கம்பியும் மெஷினுக்குப் போகக் கூடாது. வெட்டி மடிச்ச கம்பியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது, எடுக்கச் சொல்றது நியாயமும் இல்ல.

இப்போ துரு. நிறம் முக்கியமில்ல, அடியில என்ன இருக்குங்கறதுதான் முக்கியம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்றது தளர்ந்த துரு, தளர்ந்த செதில், எண்ணெய், பெயிண்ட், சேறு இதெல்லாம் கம்பியில இருக்கக் கூடாதுன்னுதான். ஒட்டின மெல்லிய துருவுக்குத் தடை இல்ல. அமெரிக்கக்காரங்க ஏஎஸ்டிஎம் ஏ615ல இன்னும் தெளிவா எழுதியிருக்காங்க: இரும்பு பிரஷ் போட்டுத் தேய்ச்ச மாதிரித் துண்டு எடையிலயும் அளவுலயும் இழுவிசையிலயும் தேறினா, துருவைக் காரணம் காட்டி லோடைத் தள்ளக் கூடாது. நான் சைட்ல இருந்த காலமெல்லாம் இதைத்தான் கடைப்பிடிச்சேன்.

கட்டுல இருக்கறதிலேயே மோசமான ரெண்டு கம்பியை எடுங்க. யாராவது நல்லதாப் பொறுக்கிக் கொடுத்தா வாங்காதீங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர் வெட்டி எடை போடுங்க. இரும்பு பிரஷ்ல பலமாத் தேய்ச்சு, துணியால துடைச்சு, மறுபடி எடை போடுங்க. அப்புறம் வெயில்ல வெச்சு உத்துப் பாருங்க. மேற்பரப்பு மழமழன்னு சாம்பல் நிறமா வந்து, கம்பி மேல வரிவரியா மேடா நிக்கற ரிப்போட விளிம்பு கூர்மையா நின்னா அது வெறும் மேல்துரு. குண்டூசித் தலை அளவுக்குப் பள்ளம் பள்ளமா இருந்தாலோ, தேய்க்கும்போது பொடியா இல்லாம செதில் செதிலா உரிஞ்சாலோ அது அரிப்பு. நகத்தால வருடினாலே பள்ளம் தட்டுப்படும்.

எடையை ஏன் தேய்ச்ச பிறகு எடுக்கணும்னா, துருவும் எடை காட்டும். இரும்போட காத்துல இருந்த ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து உக்காந்திருக்கு. தேய்க்காம எடை போட்டா குறைபாடு மறைஞ்சுடும்.

அடுத்தது, சந்தேகமில்லைன்னு சொன்னீங்களே, அந்த 8 எம்எம்மையும் 16 எம்எம்மையும் இதே மாதிரி எடை போடுங்க. பளபளப்பு சொல்றது உருட்டி அதிக நாள் ஆகலைங்கறதை மட்டும்தான்.

நொய்யல்கரை
நன்றிங்க ஐயா. எத்தனை துண்டு எடுக்கணும்? எங்ககிட்ட இருக்கறது மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு, 5 கிராம் படியாக் காட்டும். அது போதுமா?

பழைய_சைட்_ஆள்
போதும், ஒரு வழி இருக்கு. அளவுக்குப் பத்து துண்டு, வெவ்வேற கட்டுல இருந்து, ஒரே கம்பியை பத்தா வெட்டக் கூடாது. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 தொகுப்பா எடை பார்க்கச் சொல்றதும் குறைஞ்சது பத்து துண்டு, ஒவ்வொண்ணும் அரை மீட்டருக்குக் குறையாம. நீங்க ஒரு மீட்டர் எடுத்தா இன்னும் நல்லது. பத்தையும் சேர்த்துக் கட்டி ஒண்ணா எடை போட்டா, 5 கிராம் பிழை பத்தா பிரிஞ்சு அரை கிராம் ஆயிடும். தனித்தனி எடை அப்புறம் தேவைப்பட்டா நகைக்கடைத் தராசு கேளுங்க. துண்டுகள் வீணாகாது, மேல் கம்பியைத் தூக்கி நிறுத்த சேர் பண்ண ஆகும்.

வெட்டவே மனசில்லைன்னா முழுக் கம்பியைத் தொங்கு தராசுல மாட்டிப் பாருங்க. 12 எம்எம் 12 மீட்டர் கம்பி 10.66 கிலோ இருக்கணும். ஆனா நீளத்தை மடிப்போட வளைவு வழியா டேப் வெச்சு அளக்கணும், 12ன்னு நம்பிடக் கூடாது.

சார்ட் எடை எப்படி வருதுன்னா, விட்டத்தை எம்எம்ல எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162ஆல வகுக்கறது. 12க்கு 144ஐ வகுத்தா 0.888 கிலோ. 8க்கு 0.395. 16க்கு 1.58.

கடைக்காரர்_77
நான் கம்பி வியாபாரம். இங்க கடைக்காரனை மட்டும் குத்தம் சொல்லிப் பேசறதுக்கு முன்னாடி நடைமுறையைக் கேளுங்க. ரெண்டு விதமா விக்கறோம். ஒண்ணு எடை மேடை போட்டு கிலோ கணக்கு. இன்னொண்ணு கம்பி கணக்கு, சார்ட் எடையை எண்ணிக்கையால பெருக்கிடுவோம். வீடு கட்டறவங்க பலர் எண்ணிப் பார்த்துக்கலாம்னு ரெண்டாவதைத்தான் கேக்கறாங்க. கிலோ கணக்குல வாங்கினா கம்பி லேசா இருக்கறது உங்க பாக்கெட்டைப் பாதிக்காது. கம்பி கணக்குல லேசா இருந்தா வராத இரும்புக்குக் காசு கொடுக்கறீங்க. பில்டர் சார் லாபம்னு சொன்னது கிலோ கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஒரு நியாயம் எங்க பக்கமும் இருக்கு. பெரிய கம்பெனி கம்பியே சார்ட்டுக்கு ரெண்டு மூணு சதவீதம் குறைச்சுத்தான் உருட்டி வரும். அனுமதிக்குள்ளதான். அதுக்காக லோடு வாபஸ்னா யாரும் கடை நடத்த முடியாது.

சேலம்_பில்டர்
சரி, நான் எப்பவும் எடை மேடை போட்டுத்தான் வாங்குவேன், அந்தக் கணக்குல சொன்னேன். ஆனா துரு விஷயத்துல என் கருத்து மாறல.

நொய்யல்கரை
இன்னைக்கு வெட்டி எடை போட்டாச்சு. எல்லாமே தேய்ச்ச பிறகு, அளவுக்குப் பத்து துண்டு.

துரு முதல்ல. மோசமான ரெண்டு 12 எம்எம் துண்டு நகைக்கடைத் தராசுல தேய்க்கறதுக்கு முன்னாடி 846, 848 கிராம். தேய்ச்ச பிறகு 841, 844. பள்ளம் எதுவும் தெரியல, சாம்பல் நிறமா ஆயிடுச்சு. செதில் வரல, பொடிதான் கொட்டுச்சு.

பத்து துண்டோட மொத்தம்: 16 எம்எம் 15.42 கிலோ, 12 எம்எம் 8.39 கிலோ, 8 எம்எம் 3.55 கிலோ. பத்தால வகுத்தா 12 எம்எம் 0.839 வருது. 0.888க்கு ரொம்பக் குறைவு மாதிரி இருக்குதுங்களே? மாமனார் இதைப் பார்த்துட்டு லாரிக்கே சொல்லிட்டார்.

சிவில்_ஜூனியர்
நான் சைட் இன்ஜினியரா ரெண்டு வருஷமா இருக்கேன். 12 எம்எம் ரிஜெக்ட்தான் அக்கா. 10 எம்எம்முக்கு மேல 16 எம்எம் வரைக்கும் தொகுப்பு எடை 5 சதவீதம்தான் குறைய அனுமதி. 0.888ல 5 சதவீதம் போனா 0.844. உங்களுக்கு 0.839. தனித்தனி துண்டுக்கு 6 சதவீதம், அது 0.835, அதுல தேறும். ஆனா தொகுப்புல விழுந்துடுச்சு. லாரி வரட்டும்.

பழைய_சைட்_ஆள்
லாரியைக் கொஞ்சம் நிறுத்துங்க. தம்பி சொன்ன அனுமதி வரம்பு ரெண்டும் சரி. தனித் துண்டு ஒவ்வொண்ணும் தேறியும் தொகுப்பு விழலாம்ங்கறதையும் சரியாப் பிடிச்சிருக்கார். ஒரு கம்பி தற்செயலா லேசா இருக்கலாம், மொத்தமும் அடியிலேயே இருந்தா அது உருட்டினவன் வெச்ச அளவு. அதனாலதான் தொகுப்புக்கு வரம்பு இறுக்கமா இருக்கு.

ஆனா 0.839க்கும் 0.844க்கும் நடுவுல இருக்கறது 5 கிராம். 12 எம்எம் கம்பியில அது 6 எம்எம் நீளம். சாக்பீஸ் கோடு போட்டு கட்டிங் மெஷின்ல வெட்டும்போது பிளேடு தின்னறதும் கோட்டோட தடிப்பும் சேர்ந்தா அந்த 6 எம்எம் சாதாரணமாப் போயிடும். எடையைப் பத்தால வகுக்காதீங்க, அளந்த நீளத்தால வகுக்கணும். ஒவ்வொரு துண்டையும் ஸ்டீல் டேப்ல எம்எம் கணக்குல அளந்து கூட்டிச் சொல்லுங்க. மூணு அளவுக்கும்.

இன்னொரு வேலை. 8 எம்எம் துண்டையும் 12 எம்எம் துண்டையும் பக்கத்துல வெச்சு ரிப்பைப் பாருங்க. கம்பியை விரல்ல உருட்டி, சுத்தி எல்லாப் பக்கமும் ரிப் ஒரே உயரமா இருக்கா, ஒரு பக்கம் மழுங்கியிருக்கான்னு சொல்லுங்க.

நொய்யல்கரை
அளந்தாச்சுங்க. மொத்த நீளம் 16 எம்எம் 9.95 மீட்டர், 12 எம்எம் 9.91, 8 எம்எம் 9.94.

அப்போ 16 எம்எம் 1.55. 12 எம்எம் 0.8466. 8 எம்எம் 0.357.

ரிப்பு: 12லயும் 16லயும் கையை இழுத்தா அறுக்கற மாதிரி இருக்கு. 8 எம்எம்ல ஒரு பக்கம் பரவால்ல, எதிர்ப்பக்கம் தட்டையா அமுங்கி இருக்கு, சில இடத்துல ரிப்போட தலையில மினுமினுன்னு தேய்ஞ்ச கோடு நீளமா ஓடுது. பேரும் 12 எம்எம்ல தெளிவா இருக்கு, 8 எம்எம்ல பாதி எழுத்து படிக்க முடியல.

பழைய_சைட்_ஆள்
இப்போ படம் தெளிவாயிடுச்சு.

16 எம்எம் சார்ட்டை விட 2 சதவீதம் குறைவு. பேச்சே இல்ல, எடுத்துக்குங்க.

12 எம்எம் 4.7 சதவீதம் குறைவு. 5க்குள்ள வந்துடுச்சு. விளிம்புலதான் நிக்குது, ஆனா தேறிடுச்சு. துரு தேய்ச்சதுல போனது நாலஞ்சு கிராம், அரை சதவீதம். பள்ளம் இல்ல, ரிப் கூர்மையா இருக்கு. கட்டறதுக்கு முன்னாடி பிரஷ் போட்டுப் பொடியைத் தட்டிடச் சொல்லுங்க. இதைத் துருவுக்காகத் திருப்ப முடியாது, எடைக்காகவும் திருப்ப முடியாது. பில்லு வேற விஷயம், அதைக் கடைக்காரர் சொல்லட்டும்.

8 எம்எம்தான் உங்க பிரச்சினை. 10 எம்எம் வரைக்கும் தொகுப்புக்கு 7 சதவீதம், தனித் துண்டுக்கு 8 சதவீதம். அதாவது 0.367, 0.363. உங்க சராசரியே 0.357, சார்ட்டுக்கு 9.6 சதவீதம் குறைவு. இதை அளவுப் பிழைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. 0.363க்கு வரணும்னாகூட ஒவ்வொரு துண்டுலயும் 16 எம்எம் நீளம் தப்பா அளந்திருக்கணும். பேருக்கு 8 எம்எம், இரும்பு இருக்கறது 7.6 எம்எம் கம்பிக்குத்தான்.

வெர்னியர் வெச்சு 8 காட்டுதேன்னு யாராவது சண்டைக்கு வந்தா, அது ரிப்போட சேர்த்து காட்டற அளவு. ரிப்புள்ள கம்பிக்கு விட்டத்தை எடையில இருந்துதான் எடுக்கணும்.

கடைக்காரர்_77
8 எம்எம்முக்கு ஒரு விளக்கம் இருக்கலாம். சின்ன அளவு பல இடத்துல காயிலா, அதாவது சுருளாச் சுத்தி வரும். அதை நேராக்கற மெஷின்ல விட்டு 12 மீட்டரா வெட்டி கட்டு போடுவாங்க. அந்த ரோலர் அழுத்தத்துல ரிப் அமுங்கும், நீங்க சொன்ன நீளக் கோடு அதுதான். காயிலுக்குத் தொகுப்பு வரம்பு கிடையாது, தனி மாதிரிக்குக் கூடக்குறைய 8 சதவீதம் மட்டும்தான்.

12 எம்எம் பில்லு பத்தி: 150 கம்பி, 1800 மீட்டர். சார்ட்டுப்படி 1598 கிலோவுக்குக் காசு வாங்கியிருக்காங்க. உங்க அளவுப்படி வந்தது 1524 கிலோ. 74 கிலோ வித்தியாசம். தரத்துல தேறினாலும் இதைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நானா இருந்தா ரெண்டு சதவீதத்துக்கு மேல போறதைக் கழிச்சுக் கொடுத்துடுவேன். எல்லாரும் கொடுப்பாங்கன்னு சொல்ல மாட்டேன்.

பழைய_சைட்_ஆள்
காயில் விளக்கம் ரிப்புக்குப் பொருந்துது. எடைக்குப் பொருந்தல. நேராக்கற மெஷின் ரிப்பை அமுக்கும், இரும்பைச் சாப்பிடாது. அப்படியே காயில் விதியை வெச்சுக்கிட்டாலும் 8 சதவீதத்தையும் தாண்டிடுச்சு.

ரிப் அமுங்கினதையும் சின்ன விஷயமா விடாதீங்க. கம்பி கான்கிரீட்டைப் பிடிச்சுக்கறது அந்த ரிப் தலையிலதான். ஐஎஸ் 1786ல ரிப்போட பரப்புக்குன்னே ஒரு குறைஞ்ச அளவு இருக்கு. அதைக் கையால அளக்க முடியாது, லேப்லதான் பார்க்கணும். ஆனா ஒரு பக்கம் தட்டையாத் தெரியற கம்பியில அந்த அளவு வரும்னு நான் நம்ப மாட்டேன்.

சேலம்_பில்டர்
நான் வேற மாதிரி பார்க்கறேன். 8 எம்எம் எங்க போகப் போகுது? ரிங்கும் தளத்துல குறுக்குக் கம்பியும். பத்து சதவீதம் இரும்பு குறைஞ்சா இடைவெளியைப் பத்து சதவீதம் நெருக்குங்க. 150க்குப் பதிலா 135ல கட்டினா மொத்த இரும்பு அதேதான். வியாழக்கிழமை தளமும் நிக்காது, லாரி வாடகையும் மிச்சம். கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க.

சிவில்_ஜூனியர்
பரப்பளவு கணக்கு சரியாத்தான் வருது. 8 எம்எம்முக்கு 50.3 சதுர எம்எம், இதுல 45.5. இடைவெளியை நெருக்கினா ஈடாயிடும். நானும் இதை ஏத்துக்கலாம்னுதான் நினைக்கறேன். டிசைனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.

பழைய_சைட்_ஆள்
இரும்போட பரப்பு ஈடாகும், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கணக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்குது. இந்த இரும்பு எஃப்இ 500டிதான், அளவு மட்டும்தான் குறைஞ்சிருக்குன்னு. அதுக்கு ஆதாரம் என்ன இருக்கு? பத்து சதவீதம் குறைச்சு உருட்டி, எழுத்தும் படிக்க முடியாம அனுப்பற ஆலை, இரும்பை எங்க இருந்து எடுத்ததுன்னு தெரியாது. பழைய கப்பல் தகட்டையும் தண்டவாளத்தையும் உருக்காமலேயே சூடாக்கி உருட்டறவங்க இருக்காங்க. 500டின்னா கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியா 0.040 சதவீதத்துக்குள்ள இருக்கணும், இழுத்தா 16 சதவீதமாவது நீளணும். வெறும் 500க்கு 12 போதும். வீட்டுக்கு டி வகை கேக்கறதே அந்த நீட்சிக்காகத்தான், ரிங்கோட கொக்கியில அதுதான் வேலை செய்யுது. இடைவெளியை நெருக்கினா நீட்சி வந்து சேராது.

இதுக்கு சைட்லயே ஒரு சோதனை. ஒரு 8 எம்எம் துண்டை 3 மடங்கு விட்டமுள்ள உருளையில, அதாவது 24 எம்எம் குழாயோ கம்பியோ வெச்சு, ரெண்டு காலும் ஒண்ணுக்கொண்ணு இணையா வர்ற வரைக்கும் முழுசா மடக்குங்க. வெளிப்பக்கத்துல விரிசல் வருதான்னு பாருங்க. வந்தா பேச்சே வேண்டாம். வராட்டி நல்ல கம்பின்னு அர்த்தம் இல்ல, அந்த ஒரு சோதனையில தப்பிச்சதுன்னு மட்டும்தான் அர்த்தம். அதே மாதிரி லாரியில மடிச்சு வந்த யூ வளைவோட வெளிப்பக்கத்தையும் எல்லா அளவுலயும் பார்த்துடுங்க.

சிவில்_ஜூனியர்
ஆலையோட பிஐஎஸ் தர உரிம எண்ணையும் பாருங்க அக்கா. கட்டுல தொங்கற டேக்ல இல்லாட்டி டெஸ்ட் சர்டிபிகேட்ல சிஎம்/எல்னு ஆரம்பிக்கற எண் இருக்கும். போன்ல பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த ஆலை, உரிமம் நடப்புல இருக்கான்னு காட்டும். ஹீட் நம்பர்னா உலையில ஒரு தடவை உருக்கின இரும்புக்குக் கொடுக்கற எண், டேக்ல இருக்கறதும் சர்டிபிகேட்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். வேற ஹீட்டோட சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கறதை எங்க சைட்லயே பார்த்தேன்.

நொய்யல்கரை
12க்கும் 16க்கும் டேக் இருந்துச்சு, ஆப்ல நடப்புல இருக்குன்னு வந்துச்சு, சர்டிபிகேட் ஹீட் நம்பரும் பொருந்துது. 8 எம்எம் கட்டு ஒண்ணுல கூட டேக் இல்ல. கடையில கேட்டதுக்கு "அதே கம்பெனிதான், கட்டு பிரிக்கும்போது விழுந்திருக்கும்"ன்னாங்க. மடக்கிப் பார்த்தோம். அஞ்சு துண்டுல நாலு நல்லா மடங்குச்சு, ஒண்ணுல வெளிப்பக்கம் ரிப்போட அடியில மயிரிழை மாதிரி கோடு விழுந்துச்சு. அது விரிசலா, ரிப்போட தடமான்னு சொல்லத் தெரியல. போட்டோ எடுத்துட்டுப் போய் காட்டப் போறோம்.

பழைய_சைட்_ஆள்
போட்டோவோட போகாதீங்க, துண்டுகளோட போங்க. பத்து 8 எம்எம் துண்டையும் கட்டி, நீளமும் எடையும் எழுதின தாளோட கடைக்கே எடுத்துட்டுப் போய் அங்க இருக்கற தராசுல அவரையே போடச் சொல்லுங்க. எடையில யாரும் வாதாட முடியாது. விரிசலா தடமாங்கறதுல மணிக்கணக்கா வாதாடலாம், அதை எடுக்கவே எடுக்காதீங்க. எடை ஒண்ணே போதும். அவர் ஏத்துக்கலைன்னா மூணு துண்டை அவர் முன்னாடியே பெயிண்ட் அடையாளம் போட்டு பக்கத்துல இருக்கற இன்ஜினியரிங் காலேஜ் லேபுக்கு அனுப்பறதா சொல்லுங்க.

செந்தூர்க்காரி சொன்னதுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். உங்க ஊர் கரூர், உப்புக்காத்து இல்ல, அதனாலதான் 12 எம்எம் துருவை நான் லேசா விட்டேன். கடற்கரையில மாசக்கணக்குல திறந்து கிடந்த கம்பியா இருந்தா இதே நிறத்துக்கு வேற பதில் சொல்லியிருப்பேன். உப்பு சேர்ந்த துரு பள்ளம் போட்டுத்தான் அரிக்கும், பிரஷ்ல தேய்ச்சாலும் பள்ளத்துக்குள்ள உப்பு நிக்கும், அது கான்கிரீட்டுக்குள்ள போயும் வேலையைக் காட்டும். அங்க பள்ளம் தெரிஞ்சா எடை தேறினாலும் தள்ளிடுவேன்.

செந்தூர்க்காரி
எங்க வீட்டுக் கம்பி நாலு மாசம் வெளியில கிடந்துச்சுன்னு அப்பா சொல்வாங்க. தனி இழை போடறேன் ஐயா.

சேலம்_பில்டர்
டேக் இல்லைன்னா நானும் திருப்பிடுவேன், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா டேக் இருந்து, எடை மட்டும் 9 சதவீதம் குறைஞ்சா, லேப் ரிசல்ட் நல்லா வந்தா, இடைவெளி நெருக்கி எடுத்துக்கலாம்னுதான் இப்பவும் சொல்வேன். தரநிலையில ஏற்கெனவே பாதுகாப்புக்குன்னு எவ்வளவோ கூடுதலா வெச்சிருக்காங்க.

பழைய_சைட்_ஆள்
லேப் ரிசல்ட்டோட, டிசைனர் கையெழுத்தோட எடுத்தா அது உங்க பொறுப்பு. நான் எடுக்க மாட்டேன். மூணு துண்டு லேப்ல தேறினது 200 கம்பிக்குப் பேசாது, அளவே ஒழுங்கில்லாத லோடுல இன்னும் பேசாது.

நொய்யல்கரை
கடைக்குப் போயிட்டு வந்தோமுங்க. அவங்க தராசுலயும் 3.55தான் வந்துச்சு. முதல்ல காயில் கதையே சொன்னாங்க. 8 சதவீதக் கணக்கு எழுதின தாளைக் காட்டின பிறகு 8 எம்எம் மட்டும் மாத்தித் தர்றேன்னுட்டாங்க. வெட்டின பத்து மீட்டருக்கும் காசு கேக்கல. 12 எம்எம் பில்லுல 74 கிலோவைப் பத்தி "கம்பெனியில பேசிச் சொல்றேன்"ன்னிருக்காங்க, அது இன்னும் முடியல.

மாத்து லோடை இறக்கறதுக்கு முன்னாடியே லாரியில வெச்சு ரெண்டு கட்டுல இருந்து அஞ்சு அஞ்சு துண்டு எடுத்தோம். 9.97 மீட்டர், 3.82 கிலோ. 0.383 வருது, 3 சதவீதம் குறைவு. டேக் இருக்கு. ரிப் ரெண்டு பக்கமும் நிக்குது. இறக்கச் சொல்லிட்டோம். தளம் வியாழனுக்குப் பதிலா சனிக்கிழமை.

ஈரோடு_புதுவீடு
இந்த இழையைப் பார்த்துட்டு நாளைக்கு எங்க லோடுல பார்க்கப் போறேன். எங்களுக்கு 10 எம்எம்தான் அதிகம். அதுக்கு எவ்வளவு வரைக்கும் விடலாம்? கிலோ கணக்குலதான் வாங்கறோம், அப்பவும் பார்க்கணுமா?

பழைய_சைட்_ஆள்
பார்க்கணும். கிலோ கணக்குல உங்க காசு தப்பிக்கும், பீம்ல இருக்க வேண்டிய இரும்பு தப்பிக்காது. 10 எம்எம் சார்ட் 0.617. பத்து துண்டு சராசரி 0.574க்குக் கீழ வந்தா இறக்காதீங்க. தனித் துண்டுல 8 சதவீதம், 0.568.